முதுகுக் கட்டி அறுவைக்கான சம்மதத் தகவல் தாள்: சொற்களை மாற்றி எழுதிய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனையில் நடந்த நிகழ்வு இது. தோலுக்கு அடியில் இருக்கும் கட்டிகளை எடுப்பது, கால் நகம் உள்வாங்கியதைச் சரிசெய்வது போன்ற சிறு அறுவைகள் அங்கே நடக்கும். நோயாளி காலையில் வந்து மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். வார்டில் தங்கிக் கேள்வி கேட்க நேரம் கிடைக்காததால், கையில் கொடுத்து அனுப்பும் தாள்தான் பெரும்பாலும் பேச வேண்டியிருக்கிறது.

நோயாளிக்கு 54 வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பஸ் போர்டும் செய்தித்தாளின் பெரிய எழுத்தும் வாசிப்பார். நீளமான பத்தி வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவார். சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் போடும் மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு.

வலது தோள்பட்டை எலும்புக்கு மேலே சுமார் 3 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டி. நடுவில் சிறு கரும்புள்ளி. ஒரு முறை சீழ் வைத்துத் தானாக அடங்கியிருந்தது. ஊரில் இதைக் கொழுப்புக் கட்டி என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது கொழுப்பு அல்ல. தோல் உதிர்க்கும் செதில் ஒரு சிறிய பைக்குள் சேர்ந்து கூழாகத் தேங்கியிருக்கும். பையை முழுதாக எடுத்தால்தான் தீரும். அதன் ஒரு துண்டு தங்கினாலும் கட்டி திரும்ப வரலாம். சீழ் இல்லாத நேரத்தில் இதை எடுக்க எந்த அவசரமும் கிடையாது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் முக்கியம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிக அதிகமாக இருந்த மாவட்டம் கன்னியாகுமரி. அதனால் "இங்கே எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்" என்ற நம்பிக்கை மருத்துவமனைகளில் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு பார்ப்பது 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவரா என்பதை. ஒரு மருத்துவத் தாளை வாசித்து, அதன்படி வீட்டில் நடந்துகொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி.

## கையில் இருந்த தாள்

அப்போது பயன்பாட்டில் இருந்தது ஒரே பக்கத் தாள். 10 புள்ளி எழுத்து, இடைவெளியில்லாத ஒரே பத்தி. அதன் முக்கியமான வரிகள் இவை:

"தங்களுக்கு மேற்கொள்ளப்படவிருக்கும் சிறு அறுவைசிகிச்சையானது உள்ளூர் மயக்க மருந்து செலுத்தப்பட்டு மேற்கொள்ளப்படும். இரத்த உறைவு எதிர்ப்பு மருந்துகள் உட்கொள்பவராயின் முன்கூட்டியே தெரிவிக்கவும். அறுவைசிகிச்சைக்குப் பின் கடின உழைப்பைத் தவிர்க்கவும். இரத்தப்போக்கு, நோய்த்தொற்று, தழும்பு, மீளுருவாக்கம் ஆகியவற்றுக்கான வாய்ப்புகள் உள்ளன என்பதை அறிந்து முழு மனதுடன் சம்மதிக்கிறேன்."

முதல் வரியில் மருத்துவமனை நோயாளியிடம் பேசுகிறது. கடைசி வரியில் அதே பத்தி நோயாளியின் வாயாக மாறிவிடுகிறது. எது தகவல், எது உறுதிமொழி என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்ற கணக்கு தாளில் எங்குமே இல்லை.

## நடந்தது

அக்டோபர் மாதம், மழைக்காலம். அறுவைக்கு நாள் குறித்த அன்று தாள் கொடுக்கப்படவில்லை. "மயக்க ஊசி போட்டு எடுக்கணும், காலையில எட்டு மணிக்கு வந்துருங்க" என்று வாயால் சொன்னார்கள்.

"மயக்க ஊசி" என்றதும் வீட்டில் எல்லாரும் நினைத்தது முழு மயக்கத்தை. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது வெறும் வயிற்றில் வரச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருந்தது. அதனால் இவர் முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஆனால் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. எட்டரை மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். சர்க்கரை அளவு 58. குளுக்கோஸ் கொடுத்து, சாப்பிட வைத்து, மதியத்துக்கு மேல் அறுவையைத் தொடங்கினார்கள். கட்டியைச் சுற்றி மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசிக்குப் பட்டினி தேவையே இல்லை. கிளிமிபிரைடு போட்டுவிட்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

கையெழுத்து வாங்கியது அறுவை அறையின் வாசலில். சட்டையைக் கழற்றி, பச்சைத் துணி போர்த்திய பிறகு. "வாசிச்சுப் பாத்தீங்களா, புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு "புரிஞ்சுது சிஸ்டரே" என்றார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. சட்டை வெளியே மனைவியிடம் இருந்தது.

அறுவையில் சிக்கல் எதுவும் இல்லை. கரும்புள்ளியையும் சேர்த்து நீள்வட்டமாகத் தோலை வெட்டி, பையை உடையாமல் எடுத்து, நைலான் நூலால் ஐந்து தையல் போட்டு, அரை மணி நேரத்தில் முடிந்தது. தாளில் எழுதியிருந்ததைச் செவிலியர் வாயாலும் சொன்னார்: "கடினமான வேலை எதுவும் செய்யாதீங்க."

நான்காம் நாள் காலை அவர் திரும்பி வந்தார். கட்டு நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு தையல்கள் தோலை அறுத்துக்கொண்டு வந்து, காயம் ஒன்றரை செ.மீ. அளவுக்குத் திறந்திருந்தது. லேசான கசிவும் இருந்தது. வேலைக்குப் போனாரா என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலைச் செவிலியர் அப்படியே குறித்து வைத்தார்: "நான் சும்மா வெட்டத்தானே போனேன். சொமடு ஒண்ணும் எடுக்கல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. பால் வெட்டுக்காரருக்குக் கடின வேலை என்றால் பால் நிறைந்த வாளியைச் சுமப்பது, மெஷினில் ஷீட் அடிப்பது. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவுவது அன்றாடப் பாடு. அதைக் கடினம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கத்தியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டைத் தோல் இழுபடும். அதுவும் நூற்றுக்கணக்கான மரங்களில். நான்காம் நாளில் காயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது தையல் நூல் மட்டும்தான். மூன்று வாரம் ஆன காயத்துக்கே நல்ல தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

கசிவு இருந்ததால் மறுபடி தைக்கவில்லை. திறந்த காயமாகவே விட்டு, கட்டு மாற்றி மாற்றி உள்ளிருந்து ஆற விட்டார்கள். சர்க்கரையும் இருந்ததால் ஐந்து வாரம் ஆனது. அகலமான தழும்பு மிச்சம்.

கட்டு மாற்ற வந்த ஒரு நாள் அவர் சொன்னதுதான் தாளை மாற்ற வைத்தது: "இத்தன நாள் போவும்னு முதல்லயே தெரிஞ்சா, இலை உதிருற சமயத்துக்கு வச்சிருப்பேனே." ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் வாரங்களில் தோட்டங்களில் வெட்டு நிறுத்துவது வழக்கம். அவசரமில்லாத கட்டி அது. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுக்க அவருடையது. அதற்குத் தேவையான ஒரே தகவல் அவருக்குக் கிடைக்கவில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் யோசனை, பழைய தாளையே எளிய சொற்களில் எழுதிவிடலாம் என்பது. அது போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. வேலை இழப்பு "அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை" என்ற பகுதியில், அதாவது கையெழுத்துக்குப் பிறகு வருகிற வரை, அது சம்மதத்துக்கான தகவலாக ஆகாது. நோயாளி முடிவெடுக்கப் பயன்படுவது எதுவோ அது கையெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தத் திசைதான்: என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு செயலுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்டக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

ஆகவே தாள் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முன்பக்கம் முழுக்க தகவல். மருத்துவமனை நோயாளியிடம் பேசுவது. பின்பக்கம் நோயாளி சொல்வது, நான்கே வரி, அதன் கீழே கையெழுத்து. தாளைக் கொடுப்பது அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வரலாம். கையெழுத்து வாங்குவது சட்டையைக் கழற்றுவதற்கு முன், வெளியறையில், கண்ணாடி போடச் சொன்ன பிறகு.

ஊசியின் பெயரை முடிவு செய்யத்தான் அதிக நேரம் ஆனது. "உள்ளூர் மயக்கம்" யாருக்கும் புரியவில்லை. "மயக்க ஊசி" தவறாகப் புரிகிறது. "மரப்பு ஊசி" சரிதான், ஆனால் அதைக் கேட்டுப் பழகாதவர்கள் உண்டு. கடைசியில் கைகொடுத்தது அநேகமாக எல்லாரும் ஒருமுறையாவது பட்டிருக்கும் அனுபவம்: பல் பிடுங்கும்போது போடும் ஊசி. பல் மருத்துவர் போடுவதும் பொதுவாக இதே லிக்னோகெயின் மருந்துதான். இதனால் இன்னொரு பயனும் கிடைத்தது. "மருந்து ஒவ்வாமை உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். "பல் பிடுங்க ஊசி போட்டபோது மூச்சு முட்டல், உடம்பில் தடிப்பு, மயக்கம் ஏதாவது வந்ததா?" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை "கடின", "லேசான" என்ற அடைமொழிகளை முழுக்க விலக்கினார்கள். அவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதற்குப் பதில் வேலையின் பெயரையே எழுதுவது: பால் வெட்டு, ஷீட் அடிப்பது, வலை இழுப்பது, தென்னை ஏறுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, அம்மி அரைப்பது. நாள் கணக்கும் குழப்பம் தந்தது. "14 நாள்" என்றால் அறுவை நடந்த நாளையும் சேர்த்தா, விட்டா என்று கேட்டார்கள். எனவே தேதி எழுத இடம் விடப்பட்டது.

ஆபத்துகளைச் சொல்வதில் "வாய்ப்பு உள்ளது" என்ற தொடர் நீக்கப்பட்டது. வாய்ப்பு என்பதை நல்லது கிடைப்பதற்கே பேச்சில் பயன்படுத்துகிறோம். "தழும்புக்கு வாய்ப்பு" என்பதை வாசித்தவர்கள் நின்று யோசித்தார்கள். சதவீதமும் வேண்டாம் என்று முடிவானது. அந்த மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து எடுத்த சொந்தக் கணக்கு கையில் இல்லாதபோது, எங்கிருந்தோ எடுத்த எண்ணை அச்சிடுவது நேர்மையாகாது. எல்லாருக்கும், சிலருக்கு, மிகச் சிலருக்கு என்ற மூன்று படிகள் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்போது செய்ய வேண்டியதையும் எழுத வேண்டும்.

வாக்கிய அமைப்புக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு எளியது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. அதில் முடிந்தவரை ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். "மேற்கொள்ளப்படும்" என்று யார் செய்வது என்பதை மறைக்காமல் "டாக்டர் எடுப்பார்". "தவிர்க்கவும்" என்ற அலுவலக நடைக்குப் பதில் "செய்யாதீர்கள்". "அறுவைசிகிச்சைக்குப்பின்" போன்று ஒட்டி எழுதுவதைப் பிரிப்பது. எழுத்துக் கூட்டி வாசிப்பவர் நீண்ட சொல்லின் நடுவுக்கு வரும்போது அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறார். எழுத்தின் அளவு 14 புள்ளி. வரி முடிவில் சொல்லை உடைக்கவே கூடாது.

## புதிய தாளின் வாசகம்

முன்பக்கம்:

உங்களுக்கு என்ன?
உங்கள் முதுகில் தோலுக்கு அடியில் ஒரு சிறிய பை இருக்கிறது.
அதற்குள் தோலின் அழுக்கு சேர்ந்திருக்கிறது. அதுதான் கட்டி.
பார்த்தவரை இது புற்றுநோய் போலத் தெரியவில்லை.
எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்வோம்.

எடுக்காமல் விட்டால்?
இப்போது அவசரம் இல்லை. எடுக்காமலும் இருக்கலாம்.
கட்டி பெரிதாகலாம். சீழ் வைக்கலாம்.
சீழ் வைத்தால் முதலில் சீழை எடுக்க வேண்டும்.
பையை எடுக்கப் பிறகு இன்னொரு முறை வர வேண்டியிருக்கும்.

எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?
____ தேதி வரை இந்த வேலைகளைச் செய்யாதீர்கள்:
பால் வெட்டுவது. ஷீட் அடிப்பது. வலை இழுப்பது.
மரம் ஏறுவது. குடம் தூக்குவது. அம்மி அரைப்பது.
உங்கள் வேலை: ____________ போகலாமா? ______
இந்த நாட்கள் உங்களுக்குச் சரிப்படாதா? சொல்லுங்கள். வேறு நாள் வைக்கலாம்.

எப்படி எடுப்போம்?
பல் பிடுங்கும்போது போடுவது போன்ற ஊசி போடுவோம்.
ஊசி போடும்போது சில நொடி எரியும்.
பிறகு அந்த இடம் மட்டும் மரத்துப் போகும்.
நீங்கள் தூங்க மாட்டீர்கள். பேசலாம்.
இழுப்பது தெரியும். வலி தெரியக் கூடாது. வலித்தால் உடனே சொல்லுங்கள்.
டாக்டர் தோலை வெட்டிப் பையை எடுத்துத் தைப்பார். அரை மணி நேரம் ஆகும்.
இந்த ஒரு கட்டியை மட்டும்தான் எடுப்போம்.

வரும் முன்
காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டு வாருங்கள்.
நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள்.
நாங்கள் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

என்ன கெடுதல் வரலாம்?
எல்லாருக்கும்: மரத்துப்போனது விட்டதும் வலி. ஒரு தழும்பு.
சிலருக்கு: ரத்தம் கசியும். சுத்தமான துணியால் 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் வாருங்கள்.
சிலருக்கு: காயத்தில் சீழ் வைக்கும். வலி கூடினால், சிவந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள்.
சிலருக்கு: தழும்பு தடிக்கும். தோளிலும் மேல் முதுகிலும் இது அதிகம்.
சிலருக்கு: கட்டி திரும்ப வரும்.
மிகச் சிலருக்கு: ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது. அதற்கு மருந்து கையில் இருக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு
____ தேதி வரை கட்டு நனையக் கூடாது.
தையல் பிரிக்கும் வரை குளம், ஆறு, கடலில் இறங்காதீர்கள்.
தையல் பிரிக்க ____ தேதி வாருங்கள்.
ராத்திரியும் பேசலாம்: ____________

பின்பக்கம்:

இந்தத் தாளை நான் வாசித்தேன் / எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.
கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
முதுகில் உள்ள இந்தக் கட்டியை எடுக்கச் சம்மதம்.
கையெழுத்துப் போட்ட பிறகும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கீழே நோயாளியின் கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி, நேரம். கைநாட்டு என்றால் வாசித்துக் காட்டியவரின் பெயரும் ஒரு சாட்சியும். அறுவையில் பங்கெடுப்பவர் சாட்சியாக இருக்கக் கூடாது. சுயநினைவோடு இருக்கும் 18 வயது நிரம்பியவருக்காகக் கணவரோ மனைவியோ மகனோ கையெழுத்திடுவது செல்லாது. அவர்கள் சாட்சியாக நிற்கலாம்.

வேலைத் தடைக்கான தேதியை டாக்டர்தான் எழுதுவார். மேல் முதுகுத் தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். தோளை இழுக்கும் வேலைக்கு அதற்கு மேலும் ஒரு வாரம் சேர்த்து எழுதுவது என்று முடிவானது. கட்டு நனையக் கூடாத தேதி, அறுவைக்குப் பின் இரண்டு முழு நாள் கழியும் நாள்.

## வாசிக்கச் சொல்லிச் சோதித்தது

மேலே உள்ளது கடைசி வடிவம். அதற்கு முந்தைய வடிவத்தை மருத்துவமனைக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பால் வெட்டுபவர்கள், முட்டம் பக்கத்து மீன்பிடித் தொழிலாளி ஒருவர், துப்புரவுப் பணியாளர்கள், காயம் ஆறிக்கொண்டிருந்த அதே நோயாளி. சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். நாக்கு தடுமாறும் சொல்லின் கீழ் கோடு போடுவார்கள். ஒரே சொல்லில் இரண்டு பேர் தடுமாறினால் அந்தச் சொல் போய்விடும். "அனுமதி", "தொற்று", "பரிசோதனைக்கூடம்" எல்லாம் அப்படிப் போனவை.

தடுமாறாமல் வாசித்ததாலேயே புரிந்தது என்று ஆகாது. முந்தைய வடிவத்தில் "ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறீர்களா?" என்று ஒரு வரி இருந்தது. மீன்பிடித் தொழிலாளி அதைச் சரளமாக வாசித்தார். "அப்படி ஒண்ணும் கெடையாது" என்றார். கொஞ்சம் கழித்து, "நெஞ்சுக்கு ஒரு மாத்திரை உண்டு, ஸ்டென்ட் வச்ச பொறவு போடுறது" என்றார். அது குளோபிடோக்ரெல். ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைதான். அவரைப் பொறுத்தவரை அது நெஞ்சு மாத்திரை. அதன் வேலையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. கேள்வியை எத்தனை எளிய சொல்லில் மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது என்பதால், கேள்வியையே எடுத்துவிட்டு மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். எது என்ன மாத்திரை என்று பார்ப்பது மருத்துவமனையின் வேலை. கூடவே, தானாக நிறுத்தாதீர்கள் என்ற வரி கட்டாயம் வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் பயந்துபோய் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். முதுகில் ரத்தம் கசிவதைவிட அது பல மடங்கு மோசம்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியைக் கைவிட்டு, நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பது வழக்கமானது. கேட்கும் முறையும் முக்கியம். பரீட்சை வைப்பது போல் இருந்தால் பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்ல போய் என்ன சொல்லுவீங்க?" என்று தொடங்குவது நன்றாக அமைந்தது. அதன் பிறகு நான்கு விஷயங்கள் அவர் வாயிலிருந்து வர வேண்டும்: அறுவை நேரத்தில் விழித்திருப்பேன், சாப்பிட்டு வருவேன், இன்ன தேதி வரை இன்ன வேலைக்குப் போக மாட்டேன், இப்படி ஆனால் உடனே வருவேன். ஏதாவது விடுபட்டால் அந்தப் பகுதியை மட்டும் வேறு சொற்களில் சொல்லி மறுபடி கேட்பது. மூன்றாவது சரியாக வராதவரிடம் அன்றைக்குக் கையெழுத்து வாங்குவதில்லை.

## பின்விளைவு

பழைய நோயாளியின் காயம் ஆறிவிட்டது. சோதனை அறிக்கையிலும் பயப்பட ஒன்றும் இல்லை. தழும்பு அகலமாக, சற்றுத் தடித்து இருக்கிறது. வெட்டும்போது இழுப்பது போல இருப்பதாகச் சொல்கிறார். முதல் மாதம் அவருடைய மரங்களை வேறொருவர் வெட்டினார். அந்தக் கூலி அவருக்குத் திரும்பவில்லை.

புதிய தாள் வந்த பிறகு தெரிந்த மாற்றம், அறுவையைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் கூடினார்கள். வெட்டு இல்லாத வாரங்கள், மேற்குக் கடலோர ஊர்களில் ஜூன், ஜூலையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம், பிள்ளைகளின் பரீட்சை முடியும் சமயம் என்று அவரவர் நாள் சொல்லிப் போகிறார்கள். இதைக் குறையாகப் பார்த்த பணியாளர்களும் உண்டு. பட்டியல் நிரம்பவில்லை என்றார்கள். அவசரமில்லாத அறுவையில் இப்படி நடப்பதுதான் சரி. தாளைப் படித்து ஒருவர் தனக்காக ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

வெறும் வயிற்றில் வருவது முழுக்க நிற்கவில்லை. தொலைபேசியில் நாள் குறிப்பவர்களிடம் வரவேற்பு மேசையில் இருப்பவர் பழக்கத்தில் "மயக்க ஊசி" என்றே சொல்லிவிடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் தாளை நம்புவதைவிடக் காதில் விழுந்ததை நம்புகிறார்கள்.

## அடுத்து மாற்ற வேண்டியவை

நாள் குறிக்கும் பணியாளர் பேசுவதற்கு மூன்று வரி எழுதி அவர் மேசையில் ஒட்ட வேண்டும். தாளில் உள்ள அதே சொற்கள்: பல் ஊசி போல, சாப்பிட்டு வாங்க, மாத்திரை அட்டையோட வாங்க. சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு "சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை" என்ற வரியையும் தாளில் கையால் எழுதித் தர வேண்டும். எல்லாருக்குமான அச்சில் அதைச் சேர்த்தால் மற்றவர்கள் குழம்புகிறார்கள்.

தாளின் நீளமும் இன்னும் தீராத பிரச்சினை. வாசிக்கப் பழக்கமில்லாத ஒருவருக்கு முன்பக்கம் முழுதும் ஒரே மூச்சில் முடியாது. "எப்படி எடுப்போம்" பகுதியைத் தனித் தாளாகப் பிரிப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. வேலை, கெடுதல், எடுக்காமல் விட்டால் என்ன என்ற மூன்றும் மட்டும் முதல் தாளில் நிற்கும். அறுவை விவரத்தைப் படம் போட்டு இரண்டாவது தாளில் கொடுக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன் இரண்டும் கையில் இருந்ததற்குப் பதிவு வேண்டும். அதனால் பின்பக்கத்தின் முதல் வரி "இந்த இரண்டு தாள்களையும்" என்று மாற வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம், அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன் பள்ளிக்கூடம் போன முதியவர்களில் மலையாள எழுத்தே பழக்கமானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழானாலும் அவர்களுக்கு இந்தத் தாள் வாசித்துக் காட்ட வேண்டிய தாள்தான். "எந்த எழுத்து வாசிப்பீங்க?" என்று நாள் குறிக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டால், அறுவை நாளன்று வாசித்துக் காட்ட ஆளும் அதற்கான நேரமும் முன்கூட்டியே ஒதுக்க முடியும்.